90 செக்கனுக்கு எத்தனை சொல்?

ஜெனிவாவில் மனித உரிமைகள் பேரவையின் பொது விவாதத்தில், அண்மைய அமர்வுகளில் அரச சார்பற்ற நிறுவனமொன்றுக்குக் கிடைப்பது 90 செக்கன். நேரம் முடிந்தால் ஒலிவாங்கி நிறுத்தப்படும்.

பாப்பாமோட்டைத் தாய் ஒருவரின் உரையை நான் இப்படித்தான் அளந்தேன். எழுதியதை ஒரு நிமிடம் இயல்பாக வாசிக்கச் சொன்னேன்; 80 சொற்கள் வந்தன. மூச்செடுக்கும் இடைவெளி இதற்குள்ளேயே அடங்கும். மகனின் பெயர் வரும் இடங்களில் அவர் நிற்பார் என்பதால் 15 செக்கன் ஒதுக்கினேன். மிச்சம் 75 செக்கன், அதாவது 100 சொற்கள்.

ஆங்கிலச் சொற்கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. ‘காணாமல் ஆக்கப்பட்டவர்களுடைய’ என்பது இரண்டே சொல். ஒலிக்கும்போது 12 அசை. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டு எண்ணிப் பாருங்கள். ‘2009’ தாளில் ஒரு சொல். வாயில் 9 அசை. ஆகவே திகதிகளை எழுத்தில் எழுதியே எண்ண வேண்டும்.

தமிழ் ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் இல்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்தால் 100 சொல் ஏறக்குறைய 50 ஆகும். வெட்டுப்படுவது எப்போதும் முடிவுதான். கோரிக்கையை முதலிலேயே வையுங்கள்.