படத்தில் தெரியாத ஆழம்
சலரோகக்காரரின் பாதப் புண்ணைப் பற்றிச் சில விளக்கங்கள்

சாவகச்சேரிப் பகுதியிலே சலரோகம் உள்ள ஒருவரின் காலிற் புண் கண்டுவிட்டால், வைத்தியர் பார்ப்பதற்கு முன்பே கடல் கடந்து வாழும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிடும் காலம் இது. கைத்தொலைபேசியில் எடுத்த படம் கனடாவுக்கும் இலண்டனுக்கும் நொடிப்பொழுதிற் போய்ச் சேர்கின்றது. "சிறிய புண்தானே, மருந்து கட்டினால் ஆறிவிடும்" என்ற ஆறுதலும் அதே வேகத்தில் திரும்பி வருகின்றது. பின்னர் ஒரு நாள் எக்ஸ்ரே படமும் எடுக்கப்படுகின்றது. "எலும்பில் ஒன்றும் இல்லையாம்" என்று வீட்டார் மகிழ்கின்றனர்.

இவ்விரண்டு படங்களும் பொய் சொல்வதில்லை. எனினும், காலைக் காப்பதா இழப்பதா என்பதைத் தீர்மானிக்கும் செய்தி பல வேளைகளில் இவ்விரண்டிலும் இருப்பதில்லை. அது ஏன் என்பதையும், அச்செய்தியை வைத்தியர் எங்ஙனம் தேடி அறிகின்றார் என்பதையும் இங்கே ஆராய்வோம்.

நோவு இல்லாத புண்

எடுத்துக்காட்டாக, தென்மராட்சியில் ஐம்பத்தெட்டு வயதுடைய ஒரு கமக்காரரைக் கற்பனை செய்துகொள்வோம். பதினான்கு ஆண்டுகளாக அவருக்குச் சலரோகம் உண்டு. வயலிலும் வளவிலும் வெறுங்காலுடன் நடப்பவர். கோயில் வீதியின் சுடுமணலிலும் அவ்வாறே. அவருடைய வலது பாதத்தில், பெருவிரலின் அடியிலே, உடற்பாரம் அழுத்தும் மேட்டில் நெடுநாளாக ஒரு காய்ப்பு இருந்தது. ஒரு நாள் பாயில் ஈரக்கறை கண்ட மனைவி காலைத் திருப்பிப் பார்த்தார். காய்ப்பின் நடுவே மிளகளவில் ஒரு துவாரம் இருந்தது. கமக்காரருக்கோ நோவே இல்லை.

நோவு இல்லாமையை நல்ல சகுனமாகப் பலர் கொள்கின்றனர். உண்மையில் அதுவே நோயின் மூலம். இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை பல்லாண்டுகளாகப் பாதத்து நரம்புகளைக் கெடுத்து, உணர்ச்சியைப் போக்கிவிடுகின்றது. நல்ல கால் உடையவர் கல் உறுத்தினால் நொண்டி நடப்பார். பாரத்தை வேறு பக்கம் மாற்றுவார். உணர்ச்சி அற்றவரோ அதே இடத்தைப் பல்லாயிரம் முறை மிதிக்கின்றார். காய்ப்பு தடிக்கின்றது, தடித்த காய்ப்பு உள்ளே கல்லைப்போல் அழுத்துகின்றது, அதன் அடியிலுள்ள தசை நசிந்து, வெளியே தெரியாமற் புண்ணாகின்றது.

இவ்வுண்மையை உலகுக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் போல் பிராண்ட். 1914-ம் ஆண்டு தமிழகத்துக் கொல்லிமலையிற் பிறந்த அவர், 1946 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பணிபுரிந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதாக அந்நாளில் எண்ணப்பட்டது. நோவு அறியாத கையும் காலும் அன்றாடக் காயங்களாலேயே சிதைகின்றன என்பதை அவர் கண்டார். 1966-ல் அமெரிக்காவுக்குச் சென்ற பின்னர், சலரோகக்காரரின் பாதத்துக்கும் அதே பாடம் பொருந்துவதை எடுத்துக் காட்டினார்.

ஒளிப்படம் காட்டுவதும் மறைப்பதும்

நமது கமக்காரரின் பாதத்தை மகள் படம் பிடித்து, வெளிநாட்டிலுள்ள தமையனுக்கு அனுப்புகின்றாள். அப்படத்திலே புண்ணின் இடம் தெரியும். அருகில் ஓர் அடிமட்டத்தை வைத்து எடுத்தால் அகலமும் தெரியும். கறுத்த தோலோ மஞ்சள் நிறச் சிதலோ இருந்தால் அதுவும் தெரியலாம். ஆனால் மிளகளவு துவாரத்தின் கீழே ஒரு புளியங்கொட்டை புகுமளவு பள்ளம் இருப்பது தெரியாது. காய்ப்பு அதன்மேல் மூடிபோல் அமர்ந்திருக்கின்றது.

கிருமி பற்றியிருக்கின்றதா என்பதையும் படத்தை மட்டும் நம்பிச் சொல்லுதல் அரிது. வைத்தியர்கள் ஐந்து குறிகளைத் தேடுகின்றனர்: வீக்கம், புண்ணைச் சுற்றி அரைச் சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட சிவப்பு, சூடு, நோவு, சிதல் வடிதல். இவற்றுள் இரண்டேனும் இருந்தால் கிருமித் தொற்று என்று கொள்வர். சூடும் நோவும் படத்தில் விழா. நம்மவரின் கருநிறத் தோலிலே சிவப்பும் எளிதிற் புலப்படாது. சற்று ஊதா நிறமாகவோ, மினுக்கமாகவோ மட்டுமே தோன்றும். ஆகவே புறங்கையை முதலில் நல்ல பாதத்திலும் பின்னர் புண்பட்ட பாதத்திலும் வைத்துச் சூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது படத்தைவிட நம்பத்தக்கது.

சிவப்பு புண்ணின் விளிம்பிலிருந்து 2 சென்ரிமீற்றர் வரை பரவிவிட்டால், அல்லது தோலுக்குக் கீழே தசைநாரையோ எலும்பையோ தொட்டுவிட்டால், தொற்று ஒரு படி முற்றிவிட்டது என்று பொருள். காய்ச்சலும் நடுக்கமும் நாடித் துடிப்பின் விரைவும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் சலரோகக்காரர் சிலருக்குக் கடுந்தொற்றிலும் காய்ச்சல் வருவதில்லை. உணவிலும் மருந்திலும் மாற்றம் இன்றியே சர்க்கரை திடீரென ஏறுவது மட்டும் சில வேளை முதல் அறிகுறியாகும்.

கோலொன்று சொல்லும் செய்தி

கமக்காரர் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லப்படுகின்றார் என்று கொள்வோம். வைத்தியர் முதலிற் கணுக்காலின் பின்புறத்திலும் புறங்காலிலும் நாடி பார்க்கின்றார். இரத்தம் பாதத்தை எட்டாவிடில் எந்தச் சிகிச்சையும் பலிக்காது. நாடி நன்றாக இருக்கின்றது. அடுத்து, கூரிய கத்தியாற் காய்ப்பைச் சீவி எடுக்கின்றார். உணர்ச்சி இல்லாத பாதமாதலின் நோயாளி முகம் சுளிப்பதுமில்லை. மூடி அகன்றதும் மிளகளவு துவாரம் ஐந்து சத நாணய அளவு புண்ணாக விரிகின்றது. உள்ளே இருந்து சிதல் வெளிப்படுகின்றது.

பின்னர், கிருமி நீக்கிய, முனை மழுங்கிய மெல்லிய உலோகக் கோல் ஒன்றை எடுத்து, புண்ணின் அடியை மெதுவாகத் தடவுகின்றார். தசையானால் கோல் மெத்தென்று அமிழும். இங்கே கோல் ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில், கல்லில் முட்டியதுபோல் 'டக்' என்று நிற்கின்றது. அது எலும்பு.

இச்சிறு சோதனையின் மதிப்பை அமெரிக்காவில் கிரேசன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1995-ல் ஆராய்ந்து வெளியிட்டனர். தொற்றுற்ற பாதப் புண்களிற் கோல் எலும்பைத் தொட்டவற்றை எடுத்துப் பார்த்தபோது, 100-க்கு 89 வீதம் எலும்பிலும் கிருமி பற்றியிருந்தது. ஆயினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. அவர்கள் ஆராய்ந்தவை வைத்தியசாலையில் தங்கவேண்டிய கடுமையான புண்கள். தொற்றின் குறிகளே இல்லாத புண்ணில் கோல் எலும்பைத் தொட்டால் அதே உறுதியுடன் தீர்ப்புக் கூற இயலாது. அன்றியும், இதனை வீட்டில் எவரும் ஈர்க்கினாலோ ஊசியாலோ செய்து பார்க்கலாகாது. கிருமியை எலும்புவரை கொண்டு சேர்க்கும் வேலையாகவே அது முடியும்.

"எலும்பில் ஒன்றும் இல்லை"

அன்றே எக்ஸ்ரே படம் எடுக்கப்படுகின்றது. ஒரே பக்கத்திலிருந்து எடுத்தால் எலும்புகள் ஒன்றன்மேலொன்று விழுந்து மறைக்குமாதலால், இரண்டு மூன்று கோணங்களில் எடுப்பர். படத்தில் வைத்தியர் தேடுவது எலும்பின் ஓரத்தை. நல்ல எலும்பின் ஓரம் எழுதுகோலாற் கீறியதுபோல் வெள்ளைக் கோடாக இருக்கும். கிருமி அரித்தால் அக்கோடு ஓரிடத்தில் மங்கும், பின் அறும், செல்லரித்த ஏடுபோல் உட்பகுதியும் ஓட்டையாகும். தசையினுள்ளே கருங்குமிழிகள் தென்பட்டால் வாயு உண்டாக்கும் தொற்று இருக்கலாம். அது உடனடியாக அறுவைச் சிகிச்சையாளருக்குக் காட்டவேண்டிய செய்தி. உள்ளே உடைந்த ஊசியோ கண்ணாடித் துண்டோ கிடந்தாலும் தெரியும். கருக்கும் முள்ளும் மரச்சிராயும் பெரும்பாலும் தெரியா.

நமது கமக்காரரின் படத்தில் வெள்ளைக் கோடு எங்கும் அறாமல் இருக்கின்றது. "அப்பாவின் எலும்பு நன்றாகத்தானே இருக்கிறது, டொக்டர், பிறகு ஏன் மறித்து வைக்கிறீர்கள்?" என்று மகள் கேட்கின்றாள். கேள்வி நியாயமானதே. விடை இதுதான்: எலும்பிலுள்ள சுண்ணச் சத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கேனும் கரைந்த பின்னரே எக்ஸ்ரே அதைக் காட்டும். அதற்கு இரண்டு, மூன்று வாரங்கள் செல்லும். ஆகவே முதல் நாட் படம் எலும்பின் கடந்த மாதத்து நிலையைச் சொல்கின்றதேயன்றி இன்றைய நிலையை அன்று. அதன் முக்கிய பயன், பின்னர் எடுக்கும் படத்துடன் ஒப்பிடுவதற்கான அளவுகோலாக இருப்பதே.

எனவே வைத்தியர் கோலையும், இரத்தச் சோதனையையும் சேர்த்தே எண்ணுகின்றார். குருதியணுக்கள் படியும் வேகம் மணிக்கு 70 மில்லிமீற்றரைத் தாண்டியிருப்பின் எலும்புத் தொற்றின் ஐயம் வலுக்கும். இரண்டரை வாரங்களின் பின் மீண்டும் எடுத்த எக்ஸ்ரேயிலே, பெருவிரலின் அடியெலும்புத் தலையில் வெள்ளைக் கோடு அரைச் சென்ரிமீற்றர் நீளத்துக்கு அறுந்து காணப்படுகின்றது. கோல் முன்பே சொன்னதைப் படம் இப்போது ஒப்புக்கொள்கின்றது. ஐயம் தீராவிடின் காந்தப் படமும், எலும்புத் துணுக்கை எடுத்துச் சோதித்தலும் உண்டு. பின்னதே இறுதிச் சான்று.

புண் இல்லாமலே பாதம் திடீரென வீங்கிச் சுடுமாயின் அது வேறு நோயாகவும் இருக்கலாம். உணர்ச்சியற்ற பாதத்தின் எலும்புகள் தாமே நொறுங்கும் 'சார்க்கோ' நோயும் எக்ஸ்ரேயில் எலும்புத் தொற்றுப் போலவே தோன்றி, தேர்ந்தவரையும் தடுமாறச் செய்யும்.

ஆற்றும் வழி

எலும்பை அகற்றாது மருந்தால் மட்டும் ஆற்ற முயன்றால் கிருமிகொல்லி மருந்து சுமார் ஆறு வாரம் வேண்டும். புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சால் ஒற்றி எடுப்பதைவிட, சுத்தம் செய்தபின் அடித்தசையில் எடுத்த துணுக்கே எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதைச் சரியாகக் காட்டும்.

ஆனால், மருந்து எவ்வளவு நல்லதாயினும் அதே மேட்டை மிதித்து நடந்தால் புண் ஆறாது. தொற்று அடங்கிய பின், பாரத்தைப் பாதம் முழுவதும் பகிர்ந்து தாங்கும்படி காலோடு ஒட்டிய சாந்துக்கட்டுப் போடுவர். 1930-களிலேயே தொழுநோயாளரின் பாதப் புண்ணுக்கு இம்முறையைக் கையாண்டவர்களாக இந்தியாவின் ஜோசப் கானையும் இலங்கையின் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் மில்றோய் போலையும் குறிப்பிடுவர். பின்னர் பிராண்ட் அதைப் பரப்பினார். கட்டு உராய்ந்தாலும் நோயாளிக்குத் தெரியாதாகையால், வாரந்தோறும் கழற்றிப் பார்த்து மாற்றுதல் அவசியம்.

இனி, படம் அனுப்புவோர்க்கு ஒரு வார்த்தை. படத்துடன் அடிமட்டத்தை வையுங்கள். மற்றப் பாதத்தையும் சேர்த்து எடுங்கள். சூடு, மணம், சிதல், அன்றைய சர்க்கரை அளவு ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். சலரோகக்காரரின் பாதத்தில் தோல் திறந்துவிட்டால் அன்றோ மறுநாளோ வைத்தியரிடம் சென்றுவிடுங்கள். சிவப்புப் பரவினாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ இரவென்றும் பாராது செல்லுங்கள். முதல் எக்ஸ்ரே நன்றாக இருப்பின், இரண்டாவது எந்த நாளில் எடுக்கவேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.