16 மீட்டருக்கு எத்தனை நொடி?

2016 மார்ச் 23, பெங்களூரு. டி20 உலகக் கோப்பை ஆட்டத்தில் வங்கதேசத்துக்குக் கடைசிப் பந்தில் 2 ரன் தேவை. பந்து மட்டையில் படாமல் கீப்பர் தோனியிடம் போனது. ஒரு ரன் எடுத்தாலும் ஆட்டம் சமன் ஆகியிருக்கும். எதிர்முனையிலிருந்து முஸ்தாபிசுர் ரஹ்மான் ஓடிவர, வலது கையுறையை முன்பே கழற்றியிருந்த தோனி பந்தோடு ஓடிப்போய் ஸ்டம்பைத் தட்டினார். இந்தியா 1 ரன்னில் வென்றது.

ஒரு ரன்னுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்டம்புக்கு ஸ்டம்பு 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். ஆனால் ஓட வேண்டியது கோட்டிலிருந்து கோடு வரைதான். ஒவ்வொரு கோடும் ஸ்டம்பிலிருந்து 4 அடி முன்னால் இருப்பதால் அது 17.68 மீட்டர். மட்டையை நீட்டித் தரையில் தேய்த்தால் இன்னும் ஒன்றரை மீட்டர் மிச்சம். கால்கள் கடப்பது சுமார் 16 மீட்டர்.

பேடு கட்டிய ஒருவரின் உச்ச வேகம் நொடிக்கு 7 மீட்டர் என்று வைப்போம். 16-ஐ 7-ஆல் வகுத்தால் 2.3 நொடி. பலர் இங்கேதான் தவறுகிறார்கள், ஏனென்றால் நின்ற இடத்திலிருந்து யாரும் உச்ச வேகத்தில் கிளம்புவதில்லை. வேகம் நொடிக்கு 4 மீட்டர் வீதம் கூடினால், 7-ஐத் தொட 1.75 நொடி ஆகும். அதற்குள் 6 மீட்டர்தான் கடந்திருப்பார். மீதி 10 மீட்டருக்கு 1.4 நொடி. ஆக 3.2 நொடி. அடித்து முடித்துக் கிளம்ப 0.4 நொடி சேர்த்தால் 3.6.

எதிர்முனைக்காரர் பந்து வீசப்பட்டதுமே 2 மீட்டர் முன்னே வந்து, மெல்ல ஓடிக்கொண்டிருப்பார். அவருக்கு மிச்சம் 14 மீட்டர். தொடக்கத்திலேயே நொடிக்கு 3 மீட்டர் வேகம் இருந்தால் 2.3 நொடியில் முடித்துவிடுவார். அதனால் ஆபத்து பெரும்பாலும் அடித்தவருக்குத்தான்.

கவர் திசையில் தட்டிய பந்து, முன்னே ஓடிவரும் ஃபீல்டரை 1.5 நொடியில் எட்டுகிறது. குனிந்து எடுத்து எறிய 0.8 நொடி. 15 மீட்டர் த்ரோவுக்கு, நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில், 0.6 நொடி. மொத்தம் 2.9. பந்துவீச்சாளர் முனையில் நேராகப் பட்டால் அடித்தவர் அவுட். அதே பந்தை இன்னும் மெல்லத் தட்டி, ஃபீல்டரிடம் சேர 2.2 நொடி ஆக்கினால் மொத்தம் 3.6; அவருக்கும் வாய்ப்புண்டு. திருட்டு ரன்னில் கால்களைவிட மணிக்கட்டு அதிகம் சம்பாதிப்பதாக எனக்குப் படுவது இதனால்தான்.

இவை மதிப்பீடுகளே. கைபேசிக் காணொளியில் சரிபார்க்கலாம். ஆனால் நொடிக்கு 30 படம் பதியும் காணொளியில், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஓட்டக்காரர் 23 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். ரன் அவுட்டைத் தீர்மானிக்கும் இடைவெளி பல சமயம் அதைவிடக் குறைவு.

பெங்களூரில் ஓட்டம் எளிதாக இருந்திருக்க வேண்டியவர் எதிர்முனைக்காரர். ஆனால் பந்து உருண்டு ஃபீல்டரிடம் போகும் அந்த ஒன்றரை நொடி அவருக்குக் கிடைக்கவில்லை. பந்து நேரே கீப்பரின் கைக்குப் போய்விட்டது, அதுவும் அவர் ஓடிவந்த முனையிலேயே.