மூன்று வினாடிக்குப் பிறகு எத்தனை பேர் மிச்சம்?

2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒரு தவற்றை ஒப்புக்கொண்டது. வீடியோ விளம்பரம் கொடுத்தவர்களுக்கு அது காட்டிவந்த ‘சராசரிப் பார்வை நேரம்’ என்ற எண், இரண்டு ஆண்டுகளாக உண்மையைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கிறது. அந்தக் கூடுதல் 60 முதல் 80 சதவீதம் வரை இருக்கலாம் என்று பப்ளிசிஸ் என்ற பெரிய விளம்பர நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்திருந்ததை ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ வெளிக்கொண்டுவந்தது. விளம்பரதாரர்கள் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். குற்றச்சாட்டை மறுத்த ஃபேஸ்புக், 2019-இல் 4 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது.

இத்தனைக்கும் காரணம் ஒரு வகுத்தல் கணக்கு. எதை எதால் வகுப்பது என்பதில்தான் பிழை. அந்தப் பிழையைப் புரிந்துகொண்டால், இன்று யூடியூப் சேனலோ இன்ஸ்டாகிராம் பக்கமோ நடத்தும் எவரும் தங்கள் வீடியோவை ஜனங்கள் உண்மையிலேயே பார்த்தார்களா என்று சொந்தமாகக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு வீடியோ 1,000 தடவை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 400 பேர் ஒன்றரை வினாடியில் விரலை நகர்த்திப் போய்விடுகிறார்கள். மீதி 600 பேர் மூன்று வினாடியைத் தாண்டி, ஆளுக்குச் சராசரியாக 9 வினாடி பார்க்கிறார்கள். போனவர்கள் செலவிட்டது 600 வினாடி, நின்றவர்கள் செலவிட்டது 5,400 வினாடி. ஆக மொத்தம் 6,000. இதை 1,000-ஆல் வகுத்தால் 6 வினாடி. அதுதான் சரியான சராசரி.

ஃபேஸ்புக் வகுத்தது 1,000-ஆல் அல்ல. மூன்று வினாடி தாண்டியவர்களை மட்டும்தான் அது ‘வியூ’ என்று எண்ணியது. அந்த 600-ஆல் வகுத்தது. விடை 10 வினாடி. அதாவது, பாதியில் போனவர்களின் நேரம் மேலே சேர்ந்துகொண்டது. அவர்களுடைய தலைகள் மட்டும் கீழே எண்ணப்படவில்லை. நின்று பார்த்தவர்களே 9 வினாடிதான் பார்த்தார்கள் என்னும்போது, இந்த 10 வினாடி எந்தக் கூட்டத்தின் சராசரியும் இல்லை. மிகை எவ்வளவு? ஏறத்தாழ 67 சதவீதம். பப்ளிசிஸ் சொன்ன வரம்புக்குள்தான் வருகிறது.

மூன்று வினாடி என்ற எல்லைக்கு ஒரு பின்னணி உண்டு. 2013-இலிருந்து ஃபேஸ்புக்கில் வீடியோக்கள் தாமாகவே, சத்தமில்லாமல் ஓடத் தொடங்கின. யாரும் ‘பிளே’ பட்டனை அழுத்தவில்லை. திரையில் வந்ததும் ஓடியது. அப்படி ஓடியதையெல்லாம் பார்வை என்று எண்ண முடியாது. எங்கோ ஒரு கோடு போட வேண்டியிருந்தது; மூன்று வினாடியில் போட்டார்கள். ஆகவே மூன்று வினாடிப் பார்வை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருந்த விரல் கொஞ்சம் நின்றது. பிடித்து நின்றதா, மேலே இருந்த எழுத்தைப் படிக்க நின்றதா, பக்கத்தில் யாரோ கூப்பிட்டதால் நின்றதா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. வீடியோவின் முதல் காட்சி எப்படி வேலை செய்தது என்பதற்கு அது நல்ல அளவுகோல். வீடியோவுக்கு அல்ல.

சராசரி நேரம் சரியாக வகுக்கப்பட்டாலும், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஏன் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம்.

அசல் காஞ்சிபுரம் ஜரிகையை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு புடவைக் கடைக்காரர் 60 வினாடி வீடியோ எடுக்கிறார். ஜரிகையை லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும், அதுதான் விஷயம். இரண்டு விதமாக வெளியிட்டுப் பார்க்கிறார். முதல் வடிவம் கடையின் லோகோவோடும் இசையோடும் தொடங்கி, பிறகு நிதானமாகச் சுரண்டிக் காட்டுகிறது. இரண்டாவது வடிவம், “உங்கள் கல்யாணப் புடவை போலியா?” என்று திரை நிறைய எழுத்தோடு தொடங்குகிறது, ஆனால் சுரண்டிக் காட்டாமல் கடையின் பெருமையைப் பேசிக்கொண்டே போகிறது.

இரண்டும் 10,000 தடவை ஓடின. முதல் வடிவத்தில் மூன்று வினாடி தாண்டியவர்கள் 3,000 பேர். கடைசிவரை பார்த்தவர்கள் 900 பேர். இரண்டாவதில் மூன்று வினாடி தாண்டியவர்கள் 6,000 பேர். கடைசிவரை பார்த்தவர்கள் 300 பேர்.

இப்போது நேரத்தைக் கூட்டுவோம். முதலாவதில், உடனே போன 7,000 பேர் ஒன்றரை வினாடி வீதம் 10,500 வினாடி. முழுக்கப் பார்த்த 900 பேர் 54,000 வினாடி. நடுவில் விட்ட 2,100 பேர் ஆளுக்குப் பத்து வினாடி என்றால் 21,000. மொத்தம் 85,500. சராசரி 8.55 வினாடி. இரண்டாவதில், உடனே போன 4,000 பேர் 6,000 வினாடி. முழுக்கப் பார்த்த 300 பேர் 18,000. நடுவில் விட்ட 5,700 பேர் ஆளுக்குப் பதினொரு வினாடி என்றால் 62,700. மொத்தம் 86,700. சராசரி 8.67 வினாடி.

சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மூன்று வினாடி எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவது இரு மடங்கு வெற்றி. இரண்டு முடிவுகளுமே கடைக்காரரைத் தவறான பக்கம் அனுப்பும்.

இங்கே போட வேண்டிய வகுத்தல் வேறு: கடைசிவரை பார்த்தவர்களை, மூன்று வினாடி தாண்டியவர்களால் வகுப்பது. முதல் வடிவத்தில் நின்றவர்களில் 30 சதவீதம் பேர் இறுதிவரை இருந்தார்கள். இரண்டாவதில் வெறும் 5 சதவீதம். முதல் வடிவத்தின் உள்ளடக்கம் நன்றாக இருக்கிறது, வாசல்தான் சரியில்லை. லோகோவையும் இசையையும் எடுத்துவிட்டுச் சுரண்டும் விரலிலிருந்தே தொடங்கினால் போதும். இரண்டாவதன் நோய் வேறு. தலைப்பு ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டது; உள்ளே வந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. பதினோராவது வினாடிவாக்கில் பெரும்பாலோருக்கு அது புரிந்துவிட்டது. இதற்கு மருந்து எழுத்தை இன்னும் பெரிதாக்குவதல்ல.

இரண்டு வீடியோவிலும் எட்டரை வினாடியில் எழுந்து போனவர் அநேகமாக யாருமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு கூட்டம் ஒன்றரை வினாடியில் போனது, இன்னொரு கூட்டம் அறுபது வினாடியும் இருந்தது. சராசரி இந்த இரண்டுக்கும் நடுவில், ஆளில்லாத இடத்தில் விழுகிறது. அதனால்தான் யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் தரப்படும் கோட்டு வரைபடம், சராசரியைவிடப் பயன் மிக்கது. எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று அது காட்டும். கோடு மெல்லச் சரிவது இயல்பு. செங்குத்தாக விழும் இடத்தில் ஏதோ ஒன்று ஆளை விரட்டியிருக்கிறது. வீடியோவை அந்த நொடிக்கே கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். கோடு மேலே துள்ளினால், அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் அல்லது பலர் நேரே அங்கே தாவியிருக்கிறார்கள். சமையல் வீடியோவில் அளவு சொல்லும் இடம் இப்படித் துள்ளலாம். அது பாராட்டாகவும் இருக்கலாம், அளவைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

முழுப் பார்வை என்ற எண்ணிலும் சில பொறிகள் உண்டு. நீளம்தான் முதல் பொறி. 12 வினாடி வீடியோவைக் கடைசிவரை பார்ப்பதும் 6 நிமிட வீடியோவைக் கடைசிவரை பார்ப்பதும் ஒரே செயல் அல்ல. முன்னதில் 50 சதவீதம் பேர் முடித்தார்கள், பின்னதில் 20 சதவீதம் பேர் முடித்தார்கள் என்றால் முன்னது சிறந்தது என்று சொல்வது அநியாயம். ஒரே நீளமுள்ள வீடியோக்களைத்தான் இந்த எண்ணால் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, பெயரில் உள்ள ஏமாற்றம். மெட்டாவின் விளம்பர அறிக்கையில் ‘த்ரூபிளே’ என்று ஒரு வரி வரும். கேட்டால் முழுக்கப் பார்த்தது போலத் தோன்றும். 15 வினாடி ஓடினாலே அது த்ரூபிளே. அதைவிடச் சிறிய வீடியோவுக்கு மட்டும்தான் முழு நீளம் கணக்கு. நம் கடைக்காரரின் 60 வினாடி வீடியோவில் கால்வாசி பார்த்தவரும் அதில் சேர்ந்துவிடுவார். அதே அறிக்கையில் ‘100 சதவீதம்’ என்று வரும் எண்ணிலும், நடுவைத் தாண்டி நேரே கடைசிக்குத் தாவியவர்கள் அடங்குவார்கள். தவிர்க்கவே முடியாதபடி ஓடும் விளம்பரங்களின் முழுப் பார்வை விகிதம் மிக உயர்வாக வருவதில் வியப்பில்லை. அங்கே பார்வையாளருக்கு வேறு வழி இல்லை. அதைக் கவனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரீல்ஸ், ஷார்ட்ஸ் போன்ற குறு வீடியோக்களில் இன்னொரு சிக்கல். அவை முடிந்ததும் தாமாகவே மறுபடி ஓடும். 10 வினாடி ரீல் ஒன்றை ஒன்பது பேர் மூன்று வினாடியில் விட்டுவிட்டார்கள். பத்தாவது ஆள் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனதால் அது 73 வினாடி சுற்றியது. மொத்தம் 100 வினாடி, ஆள் பத்து, சராசரி 10 வினாடி. வீடியோவை எல்லோரும் முழுதாகப் பார்த்ததாக அறிக்கை சொல்லும். பார்த்தவர்கள் குறைவாக இருக்கும்போது இந்தச் சராசரி எவ்வளவு எளிதாக ஊதிப்போகும் என்பதற்கு இது போதும். சில நூறு பார்வைகளாவது சேர்வதற்கு முன் சராசரி நேரத்தை வைத்து முடிவெடுக்காமல் இருப்பதே நல்லது.

எண்ணும் விதி நடுவில் மாறுவதும் உண்டு. 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில், வீடியோ ஓடத் தொடங்கினாலோ மறுபடி ஓடினாலோ அது ஒரு வியூ. குறைந்தபட்ச நேரம் எதுவும் தேவையில்லை. பழைய முறையில் எண்ணிய எண் ‘எங்கேஜ்டு வியூஸ்’ என்ற பெயரில் தனியாக இருக்கிறது. படைப்பாளிகளுக்கு வருமானம் கணக்கிடுவது அதை வைத்துத்தான். எனவே ஏப்ரலில் வியூஸ் திடீரென்று ஏறியதைப் பார்த்துத் தன் வீடியோ சிறந்துவிட்டது என்று நினைத்தவர்கள், விதி மாறியதைத்தான் பார்த்தார்கள்.

இத்தனை எண்களும் சேர்ந்தாலும் ஒன்றை அளக்க முடியாது. திரை ஓடியதை அவை அறியும். கண் அதன்மேல் இருந்ததா என்று அறியாது. அதனால் ஒரு வீடியோவை ‘ஈர்த்தது’ என்று சொல்ல மூன்று எண்களும் ஒரே திசையைக் காட்ட வேண்டும்: முதல் காட்சியில் போதிய பேர் நின்றிருக்க வேண்டும், நின்றவர்களில் கணிசமானோர் முடித்திருக்க வேண்டும், சராசரி நேரம் அந்த நீளத்துக்குப் பொருந்த வேண்டும்.

லட்சம் வியூஸ் என்று யாராவது ஒரு அறிக்கையை நீட்டினால், பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை வினாடியை வியூ என்று எண்ணினீர்கள்? சராசரியை எந்த எண்ணால் வகுத்தீர்கள்? வீடியோவின் நீளம் என்ன?