பேட்டரிக்குள் இரண்டு உலோகத் தாள்கள்

செல்போனிலும் மின்சார ஸ்கூட்டரிலும் இருக்கும் லித்தியம்-அயனி செல்லை ஆய்வகத்தில் பிரித்துச் சுருளை விரித்தால், கரிய பூச்சுக்கு அடியில் இரண்டு மெல்லிய உலோகத் தாள்கள் தெரியும். மைனஸ் பக்கம், அதாவது ஆனோடில், இருப்பது தாமிரம். அதன் மேல் கிராஃபைட் பூசியிருப்பார்கள். பிளஸ் பக்கம், கேத்தோடில், இருப்பது அலுமினியம். அதன் மேல் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடோ பாஸ்பேட்டோ பூசியிருக்கும். பூச்சில் உண்டாகும் மின்னோட்டத்தைத் திரட்டி வெளியே கொண்டுவருவதுதான் இரண்டு தாள்களின் வேலையும்.

வேலை ஒன்றுதான் என்றால் இரண்டு பக்கமும் அலுமினியத்தையே வைக்கலாமே? தாமிரத்தைவிட அது மலிவு. எடையும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. தாமிரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் கேத்தோடிலும் தாமிரத்தையே வைத்திருப்பார்களே. உண்மையான காரணம், ஒவ்வொரு தாளும் எந்த மின்னழுத்தத்தில் காலம் தள்ள வேண்டியிருக்கிறது என்பதில் இருக்கிறது.

லித்தியம் உலோகத்தின் மின்னழுத்தத்தைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் ஏறிய கிராஃபைட் அதற்கு மேலே வெறும் 0.1 வோல்ட்டில் நிற்கும். கேத்தோடு 4 வோல்ட்டை ஒட்டி நிற்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் செல்லின் வோல்டேஜ் என்று அளக்கிறோம்.

கிராஃபைட்டின் அடியில் அலுமினியத்தை வைத்தால் என்ன ஆகும்? சுமார் 0.3 வோல்ட்டுக்குக் கீழே போனதும் லித்தியம் அலுமினியத்துக்குள் நுழைந்து அதனுடன் கலப்புலோகம் ஆகிவிடும். அப்படி ஆன இடம் கிட்டத்தட்ட இரு மடங்காக உப்பும். சார்ஜ் இறங்கும்போது சுருங்கும். பத்துப் பதினைந்து மைக்ரான் கனமுள்ள தாள் இதைச் சில தடவைகூடத் தாங்காது. பொடிந்து, பூச்சையும் உதிர்த்துவிடும். தாமிரமோ சாதாரண வெப்பநிலையில் லித்தியத்துடன் கலப்பதில்லை. அதனால்தான் ஆனோடு அதனிடம் போனது. கிராஃபைட்டுக்குப் பதில் லித்தியம் டைட்டனேட் பூசிய ஆனோடு 1.5 வோல்ட் அளவில் இயங்குகிறது. அந்த உயரத்தில் இந்தக் கலப்பு நடக்காததால் அங்கே அலுமினியமே போதும். சோடியம்-அயனி செல்லிலும் அப்படித்தான்: சோடியம் அலுமினியத்துடன் கலப்பதில்லை.

கேத்தோடில் நிலைமை நேர் எதிர். ஏறத்தாழ 3.5 வோல்ட்டைத் தொட்டதும் தாமிரம் எலெக்ட்ரான்களை இழந்து, அயனிகளாக மின்பகுளித் திரவத்தில் கரையத் தொடங்கும். அலுமினியம் இன்னும் எளிதில் கரைய வேண்டிய உலோகம்; கணக்குப்படி 1.4 வோல்ட்டிலேயே கரைய வேண்டும். ஆனால் அதன் மேல் இயல்பாகவே சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு தோல் இருக்கிறது. திரவத்தில் உள்ள லித்தியம் ஹெக்ஸாபுளோரோபாஸ்பேட் என்ற உப்பு, அந்தத் தோலின் மேல் அலுமினியம் புளோரைடு படலத்தையும் சேர்த்து மூடிவிடுகிறது. இந்தக் காப்பு வெறும் உலோகத்தின் குணம் அல்ல. உப்பும் சேர்ந்து தருவது. இமைடு வகை உப்பு ஒன்றை மட்டும் தனியாகப் பயன்படுத்தினால் அதே அலுமினியம் 4 வோல்ட்டுக்குள்ளேயே குழி குழியாக அரிக்கப்படுகிறது. 2019இல் நோபல் பரிசு பெற்ற அகிரா யோஷினோ, கேத்தோடில் அலுமினியத் தாளைப் பயன்படுத்துவதற்கு 1984இலேயே காப்புரிமை கோரினார். அந்த செல்லை மலிவான உலோகத்தில் செய்யவும் 4 வோல்ட் வரை கொண்டுபோகவும் அதுதான் வழி திறந்தது என்பது என் கருத்து.

தாமிரத்தின் பலவீனம் சிலசமயம் ஆனோடிலேயே வெளிப்படும். ஸ்கூட்டரை மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் விட்டுவிட்டோம் என்று வையுங்கள். கிராஃபைட்டில் இருந்த லித்தியம் தீர்ந்துபோகும். அதன் மின்னழுத்தம் 0.1இலிருந்து மேலே ஏறும். கேத்தோடு 3.5 வோல்ட்டில் நிற்க, ஆனோடும் அங்கேயே வந்து சேர்ந்தால் மீட்டர் பூஜ்ஜியம் காட்டும். 'காலி' என்று நாம் சொல்லும் அந்த நிலையில்தான் தாமிரத் தாள் கரைய ஆரம்பித்திருக்கும். தொடராக இணைத்த பேக்கில் ஓடும்போது, பலவீனமான ஒரு செல்லை மற்ற செல்கள் தள்ளி இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

ஆபத்து அடுத்த சார்ஜில் வருகிறது. கரைந்த தாமிரம் திரும்பி உலோகமாகப் படிகிறது, ஆனால் பழைய இடத்தில் அல்ல. நடுவிலுள்ள பிரிப்புப் படலத்திலும் அது படியும். அங்கே வளரும் தாமிர இழை இரண்டு பக்கத்தையும் தொட்டுவிட்டால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். லேசான ஷார்ட் என்றால், முழுக்கச் சார்ஜ் ஏற்றிக் கழற்றி வைத்த செல்லின் வோல்டேஜ் தானாகவே இறங்கிக்கொண்டே போகும், செல் சூடாகும். பெரிய ஷார்ட் என்றால் தீ.

இதனால்தான் காவல் சர்க்யூட், செல் 2.5 முதல் 3 வோல்ட்டுக்கு இறங்கியதும் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. அதையும் தாண்டி வெகுகாலம் பூஜ்ஜியத்தில் கிடந்த செல்லுக்கு வெளியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்து 'உயிர் கொடுக்கும்' பழக்கம் சில பழுது பார்க்கும் கடைகளில் இருக்கிறது. வோல்டேஜ் ஏறிவிடும், கரைந்த தாமிரம் எங்கே படிந்தது என்பதை மீட்டர் காட்டாது. அந்த செல்லைத் திரும்பப் பயன்படுத்தாமல் மறுசுழற்சிக்குக் கொடுப்பதே சரி.