ஒரே நீரை இருமுறை கழித்தல்

மண் விசையியல் கணக்குகளில் மாணாக்கர் பலரிடம் காணப்படும் பிழையொன்று, நீரின் விளைவை இருமுறை கழித்துவிடுவதாகும். ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம்.

மணல் நிலமொன்றில் நீர்மட்டம் 2 மீட்டர் ஆழத்தில் உள்ளது. அதற்கு மேலுள்ள மணலின் அலகு எடை கன மீட்டருக்கு 17 கிலோநியூட்டன். அதற்குக் கீழே, நீரால் தெவிட்டிய மணலுக்கு 20. நீருக்கு 10 எனக் கொள்வோம். 5 மீட்டர் ஆழத்தில் பயனுறு தகைவு யாது?

மொத்தத் தகைவு 2×17 + 3×20 = 94. நுண்துளை நீரழுத்தம் 3×10 = 30. ஆகவே, பயனுறு தகைவு சதுர மீட்டருக்கு 64 கிலோநியூட்டன்.

மாணாக்கரோ நீர்மட்டத்தின் கீழ் மூழ்கிய அலகு எடையாகிய 10-ஐ இட்டு, 34 + 30 = 64 என்று பெறுகின்றனர். இதுவே விடையாயிருக்க, இதனை மொத்தத் தகைவெனக் கருதி மீண்டும் 30-ஐக் கழித்து, 34 என்று முடிக்கின்றனர். மூழ்கிய எடையிலேயே நீரின் மிதப்பு விசை கழிக்கப்பட்டுவிட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பிழையை விடையே காட்டிக்கொடுக்கும். 2 மீட்டர் ஆழத்திலும் தகைவு 34 தான். அவ்வாறாயின் இடையிலுள்ள 3 மீட்டர் மணலுக்கு எடையே இல்லையென்றாகும். மணலின் உராய்வு வலிமை பயனுறு தகைவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அதுவும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து தோன்றும்.

மூழ்கிய எடையைக் கொண்டு நேரே கணக்கிடும் முறை, நீர் அசையாது நிற்கும்போது மட்டுமே பொருந்தும். நீர் மேல்நோக்கிக் கசியுமிடத்து நுண்துளை அழுத்தம் மிகும். ஆங்கு மொத்தத் தகைவையும் நீரழுத்தத்தையும் தனித்தனியே கண்டு கழித்தலே தக்கது.