எருவுக்கு எத்தனை தொட்டி?

நான்கு வகை எருவில் எது தக்காளிக்கு அதிக மகசூல் தரும் என்று பார்க்க வேண்டும். தொட்டிக்கு ஒரு செடி. எந்தத் தொட்டிக்கு எந்த எரு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறோம். இப்படிப் பல குழுக்களின் சராசரியை ஒரே சோதனையில் ஒப்பிடும் முறைதான் ‘அனோவா’ எனப்படும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு. 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் வளர்த்தெடுத்தது. எருவுக்கு எத்தனை தொட்டி வைப்பது என்பதை மட்டும் நாம் விதைப்பதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

முதலில், ஒரே எரு போட்ட செடிகளுக்குள்ளேயே மகசூல் எவ்வளவு கூடிக் குறையும் என்று தெரிய வேண்டும். அதன் திட்ட விலக்கம் 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, எவ்வளவு வித்தியாசம் இருந்தால் நமக்குப் பொருட்டு? சிறந்த எருவுக்கும் மோசமானதற்கும் இடையே செடிக்கு 300 கிராம் என்போம். அந்த வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால், நூற்றுக்கு 80 முறையாவது சோதனை அதைப் பிடித்துக் காட்ட வேண்டும். வித்தியாசமே இல்லாதபோது இருப்பதாகச் சொல்லும் தவறு நூற்றுக்கு 5 முறையோடு நிற்க வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது, நடுவில் உள்ள இரண்டு எருக்களின் நிலையை. சராசரிகள் 1200, 1200, 1500, 1500 என இரண்டிரண்டாகப் பிரிந்து நின்றால் எருவுக்கு 12 தொட்டி போதும். 1200, 1350, 1350, 1500 என்று நடுவில் இரண்டும் கூடி நின்றால் 23 வேண்டும். இரண்டிலும் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடைவெளி அதே 300 கிராம்தான். தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. எது நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், கடினமான அமைப்பையே எடுத்துக்கொள்வதுதான் நேர்மை. ‘ஆர்’ மென்பொருளில் ஒரே கட்டளை:

```
power.anova.test(groups = 4,
  between.var = var(c(1200,1350,1350,1500)),
  within.var = 300^2, power = 0.80)
```

விடையில் `n` என்பது ஒரு குழுவுக்கான எண்ணிக்கை, மொத்தம் அல்ல. அது பின்னமாக வந்தால் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும்.

திட்ட விலக்கத்தைக் குறைத்து மதிப்பிட்டால் இந்தக் கணக்கு சரிந்துவிடும். அது 360 என்றால் 23 போதாது, 33 வேண்டும். ஏழெட்டுச் செடிகளை வைத்துக் கணித்த விலக்கத்தை அப்படியே நம்புவது ஆபத்து. முந்தைய பருவப் பதிவுகள் இருந்தால் அவற்றிலிருந்து எடுங்கள்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. ஒரே செடியிலிருந்து 23 பழங்களை எடை போட்டுவிட்டு 23 மாதிரி என்று எழுதுவது. எரு போட்டது செடிக்கு; எனவே அது ஒரே மாதிரிதான். அப்படி எண்ணினால் விலக்கம் பொய்யாகச் சுருங்கும், இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தெரியும்.

அனோவா, நான்கும் ஒன்றல்ல என்று மட்டுமே சொல்லும். எது எதைவிட மேல் என்று இணை இணையாகப் பார்க்க இன்னும் சில தொட்டிகள் தேவை. பத்தில் ஒரு செடி பட்டுப்போகும் என்று எதிர்பார்த்தால், 23ஐ 0.9ஆல் வகுத்து, எருவுக்கு 26 தொட்டி வையுங்கள்.