பனியன் கம்பெனியில் 90 பேர் விலகினால் எத்தனை சதவீதம்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் தொடக்கத்தில் 200 தொழிலாளர்கள். பெரிய ஆர்டர் வந்து ஆள் எடுத்ததில், அடுத்த மார்ச் முடிவில் 400 பேர். இடையில் வேலையை விட்டுப் போனவர்கள் 90 பேர். அப்படியானால் அந்த ஆண்டின் விலகல் விகிதம், ஹெச்.ஆர். துறையினர் அட்ரிஷன் என்பது, எவ்வளவு?

200ஆல் வகுத்தால் 45 சதவீதம்; 400ஆல் வகுத்தால் 22.5. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, சராசரி 300 பேர், ஆகவே 30 சதவீதம் என்று எழுதுவதுதான் பல அலுவலகங்களில் வழக்கம். ஆள் எண்ணிக்கை ஆண்டு முழுக்கச் சீராக ஏறியிருந்தால் அது பொருந்தும். ஆனால் ஆர்டர் அப்படிச் சீராகவா வருகிறது?

ஜனவரி வரை 200 பேரே இருந்து, பிப்ரவரியில்தான் 400 ஆனது என்றால் கதை வேறு. ஒவ்வொரு மாதச் சம்பளப் பட்டியலிலும் உள்ள ஆட்களைக் கூட்டுங்கள்: பத்து மாதம் 200, இரண்டு மாதம் 400, மொத்தம் 2,800. 12ஆல் வகுத்தால் சராசரி 233 பேர். விலகல் 38.6 சதவீதம். மாறாக, மே மாதமே 400 ஆகிவிட்டிருந்தால் சராசரி 383, விலகல் 23.5 சதவீதம்தான். தொடக்கமும் முடிவும் விலகியவர்களும் மாறவே இல்லை. விகிதம் மட்டும் இவ்வளவு மாறுகிறது. ஆகவே மாதச் சராசரியை எடுப்பதே நியாயம்.

வகுக்கும் முன் ஒரு சரிபார்ப்பு அவசியம். தொடக்கத்தில் இருந்தவர்களோடு சேர்ந்தவர்களைக் கூட்டி, விலகியவர்களைக் கழித்தால் முடிவு எண்ணிக்கை வர வேண்டும். இங்கே 290 பேர் சேர்ந்திருந்தால்தான் கணக்கு நேராகும். உதைத்தால், பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்களையோ பயிற்சியாளர்களையோ ஒரு பட்டியலில் சேர்த்து மற்றதில் விட்டிருப்பார்கள்.

சரியாக வகுத்த விகிதமும் ஒன்றைச் சொல்லாது: போனவர்கள் யார்? அந்த 90 பேரில் பழைய 200 பேரைச் சேர்ந்தவர்கள் 25 பேர்தான் என்று கொள்வோம், அது 12.5 சதவீதம். மீதி 65 பேர் அதே ஆண்டில் வந்து அதே ஆண்டில் போனவர்கள். அப்போது கோளாறைத் தேட வேண்டிய இடம் ஆள் எடுக்கும் முறையும் முதல் சில மாதங்களும். எல்லோருக்கும் சம்பளம் உயர்த்தினால் அது தீராது. ஒரே தையல் மெஷினில் ஓராண்டில் மூன்று பேர் மாறினால் மூன்று விலகலாகவே கணக்கில் ஏறும் என்பதால், விகிதம் 100ஐத் தாண்டுவதும் உண்டு, அது பிழையல்ல.

2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் 28.4 சதவீதம் என்று அறிவித்தது. அது அந்த மூன்று மாதக் கணக்கல்ல, கடந்த 12 மாதங்களுக்கானது. அதிலும் தாமாக விலகியவர்களுக்கு மட்டும். வேறொரு கம்பெனியின் விகிதத்தை அதன் பக்கத்தில் வைக்கும் முன், நீக்கப்பட்டவர்களும் அதில் உண்டா, எந்தச் சராசரியால் வகுத்தார்கள் என்று கேட்டுவிடுங்கள்.